செபம் வரலன்னு சொல்றவங்ககிட்ட முதல்ல என்ன கேக்கணும்

2007-ல அன்னை தெரசாவோட கடிதங்கள் புத்தகமா வந்தப்போ எங்க பங்குல பாதிப் பேருக்கு கோபம், மீதிப் பேருக்கு பயம். கோபம் எதுக்குன்னா, அவங்க தன்னோட ஞான வழிகாட்டிகளுக்கு ரகசியமா எழுதினது அது, எரிச்சிடுங்கன்னு அவங்களே கேட்டுக்கிட்டது, அத எதுக்கு அச்சுல போட்டாங்கன்னு. பயம் எதுக்குன்னா உள்ள இருந்த விஷயம். கல்கத்தாவுல ஏழைங்களுக்கான வேலைய ஆரம்பிச்ச 1948-49 வாக்குல இருந்து 1997-ல சாகுற வரைக்கும், நடுவுல சில வாரங்கள தவிர, உள்ளுக்குள்ள கடவுள் இருக்கிற உணர்வே இல்லாமத்தான் அவங்க வாழ்ந்திருக்காங்க. "அவங்களுக்கே இல்லன்னா நமக்கு எங்கருந்து வரும்"னு பூசை முடிஞ்சு வெளிய நின்னு பேசிக்கிட்டாங்க.

அப்போ வந்த கருத்தெல்லாம் ரெண்டே ரகம்தான். பாத்தீங்களா, அவங்களே நம்பல, ஊருக்காக நடிச்சாங்கன்னு ஒரு பக்கம். அவங்க புனிதை, பெரிய புனிதைங்களுக்கு பெரிய சோதனை வரும், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு இன்னொரு பக்கம். ரெண்டுமே எனக்கு ஒட்டல. ஏன்னா அந்தக் கடிதங்கள்ல எனக்கு முக்கியமாப் பட்டது அவங்க இருட்டு இல்ல, அவங்க அத யாருகிட்ட சொன்னாங்க, சொன்னப்போ என்ன பதில் வந்துச்சு, நல்ல மனசோட குடுத்த பதில்கள் ஏன் ஒட்டல, கடைசியா ஒருத்தர் சொன்னது மட்டும் ஏன் வேலை செஞ்சுது, இதுதான். இத பல வருஷமா மனசுல வச்சுட்டு இருந்தேன், இப்போ எழுத வச்சது எங்க சித்தி.

சித்திக்கு கிடைச்ச ஆலோசனைங்க

எங்க சித்தி மரியாயின் சேனையில ரொம்ப வருஷமா இருக்காங்க. ஊர்ல யாருக்கு உடம்பு முடியலன்னாலும் போய் செபமாலை சொல்லிட்டு வர்றது அவங்கதான். அவங்களுக்கு பெரிய துக்கம் எதுவும் நடக்கல, சாவு இல்ல, கடன் இல்ல, பிள்ளைங்க நல்லா இருக்காங்க. ஆனா ஒரு நாள் அடுப்படியில வச்சு எங்கிட்ட மெதுவா சொன்னாங்க, "செபமாலை சொல்றேன்டா, யாருகிட்ட சொல்றேன்னே தெரியல. வாய் பாட்டுக்கு சொல்லுது. நற்கருணை வாங்கிட்டு வந்து முட்டி போட்டா ஒண்ணுமே இல்ல"ன்னு. சொல்லிட்டு அவங்களே பயந்துட்டாங்க, அம்மாகிட்ட சொல்லிடாதன்னாங்க.

அவங்க அதுக்கு முன்னாடியே பல பேர்கிட்ட கேட்டுப் பாத்திருக்காங்க. பாவசங்கீர்த்தனத்துல ஒரு சாமியார்கிட்ட சொன்னப்போ, எதாவது பாவத்த மறைச்சு வச்சிருக்கியாம்மான்னு கேட்டிருக்காரு. ஒரு சுகமளிக்கும் தியானத்துல பிரசங்கம் பண்ண வந்தவர், இது சந்தேக ஆவின்னு சொல்லி தலையில கை வச்சு செபிச்சு, யாக்கோபு நிருபத்துல இருந்து "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்"ங்கிற வசனத்த வாசிச்சுக் காட்டியிருக்காரு. தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க ஒன்பது நாள் நவநாள் செய்யச் சொன்னாங்க, அது முடிஞ்சதும் இன்னொரு நவநாள். இவங்களும் எல்லாத்தையும் செஞ்சாங்க. செபம் கூடக் கூட வெறுமையும் கூடுச்சு. கடைசியில யார்கிட்டயும் சொல்றதையே விட்டுட்டாங்க.

இதுல யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா கவனிச்சுப் பாருங்க, ஒருத்தர்கூட ஒரு கேள்வியும் கேக்கல. பாவம் இருக்கான்னு கேட்டவர்கூட பதில முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டிருக்காரு. எந்தக் காய்ச்சலா இருந்தாலும் ஒரே மாத்திரைய எடுத்து நீட்டுற மாதிரிதான் இது. எனக்கு ரொம்ப வலிக்கிறது என்னன்னா, கத்தோலிக்கப் பாரம்பரியத்துல இதுக்கு நானூறு வருஷத்துக்கும் மேல பழமையான, ரொம்ப நுணுக்கமான ஒரு வழிமுறை இருக்கு, அதுல முதல் படியே எந்த வகைன்னு விசாரிக்கிறதுதான், அது பங்கு வரைக்கும் வந்தே சேரல.

சந்தேகம் எல்லாம் ஒண்ணு இல்ல

திருச்சபை அதிகாரபூர்வமா என்ன சொல்லுதுன்னு கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல்ல 2088-வது பத்தியில இருக்கு. அங்கயே சந்தேகத்த ரெண்டாப் பிரிக்கிறாங்க. திருச்சபை நம்பச் சொல்றத ஏத்துக்க மாட்டேன்னு தானா முடிவு பண்ணி ஒதுக்குறது ஒண்ணு. விருப்பமில்லாம வர்றது இன்னொண்ணு, அதாவது நம்பத் தயங்குறது, எதிர்க்கேள்விங்கள தாண்ட முடியாமத் தவிக்கிறது, விசுவாசம் தெளிவா இல்லாம இருக்கிறதால வர்ற கலக்கம். இந்த ரெண்டாவத வேணும்னே வளத்துக்கிட்டாத்தான் ஆபத்துன்னு சொல்றாங்க, வந்ததே பாவம்னு சொல்லல. இந்த ஒரு வித்தியாசத்த அன்னைக்கு யாராவது சித்திகிட்ட சொல்லியிருந்தாலே பாதி பாரம் இறங்கியிருக்கும்.

இது நம்மகிட்ட மட்டும் இருக்கிற புத்தி இல்ல. என் முஸ்லிம் நண்பன் ஒருத்தன் சொன்னது, சஹீஹ் முஸ்லிம்ங்கிற நபிமொழித் தொகுப்புல ஒரு ஹதீஸ் இருக்கு, நபியோட தோழர்கள் வந்து எங்க மனசுல வாயால சொல்லக்கூட முடியாத எண்ணமெல்லாம் வருதுன்னு சொல்றாங்க, அதுக்கு அவர் நிஜமாவே அப்படி உணர்றீங்களா, அதுதான் தெளிவான ஈமான், அதாவது விசுவாசம்னு சொல்றாரு. அந்த எண்ணம் வந்து உன்னப் பதற வைக்குதுன்னா அந்தப் பதட்டமே நம்பிக்கையோட அடையாளம்னு அதுக்கு அர்த்தம் சொல்வாங்களாம். வஸ்வாஸ்னு அவங்க சொல்ற இந்த மாதிரி ஊசலாட்ட எண்ணம் வந்தா அல்லாஹ்கிட்ட பாதுகாப்பு தேடிட்டு அந்த யோசனைய அங்கயே நிறுத்திடு, அதோட மல்லுக்கு நிக்காதன்னுதான் ஆலோசனை. சைவத்துல அப்பர் கதைய எடுத்துக்கிட்டா இன்னொரு விதம். சமணத்துக்குப் போயி தருமசேனரா இருந்தவர் சூலை நோயோட ராத்திரியில அக்கா வீட்டுக்கு வர்றாரு, திலகவதியார் ஏன் போனன்னு ஒரு வாதம் பண்ணல, திருநீறு குடுத்து திருவதிகைக் கோயிலுக்கு கூட்டிட்டுப் போறாங்க, பாட்டு அங்கதான் வருது. எனக்கு அந்தக் கதையில எப்பவுமே பதிகத்தவிட அந்த அக்காவோட நிதானம்தான் பெருசாத் தெரியும்.

திரும்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். சிலுவை அருளப்பர்னு 16-வது நூற்றாண்டு ஸ்பெயின் துறவி. 1577 டிசம்பர்ல அவரோட சபைக்காரங்களே அவரப் பிடிச்சுட்டுப் போயி டொலேடோவுல ஒரு சின்ன அறையில அடைச்சு வச்சாங்க, 1578 ஆகஸ்ட்ல தப்பிச்சாரு. ஆன்மாவோட இருண்ட இரவுன்னு நாம எல்லாரும் சொல்றோமே, அது அவர் சொன்னது. ஆனா அத கவிதையா மட்டும் எடுத்துக்கிட்டு அவர் எழுதின விளக்கத்த விட்டுடறோம். அவர் அங்க ரொம்ப தெளிவா மூணு அடையாளம் சொல்றாரு, இந்த வறட்சி கடவுள்கிட்ட இருந்து வருதா, இல்ல நம்ம சோம்பல், பாவம், இல்ல உடம்பு மனசு சம்பந்தப்பட்ட சோர்வால வருதான்னு கண்டுபிடிக்கிறதுக்கு.

முதல் அடையாளம், கடவுள் விஷயத்துல ருசி இல்ல, அதே சமயம் மத்த விஷயத்துலயும் அதுக்குப் பதிலா ஒரு ருசி வரல. செபம் கசக்குது ஆனா சீரியல் இனிக்குது, ஊர் வம்பு இனிக்குதுன்னா அது வெறும் கவனச்சிதறல், இருண்ட இரவு கிடையாது. ரெண்டாவது, கடவுளுக்கு ஒழுங்கா ஊழியம் செய்யல, பின்னாடி போறோமேங்கிற கவலை மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். ஆர்வம் போனவனுக்கு இந்தக் கவலையே இருக்காது, அவன் நிம்மதியாத் தூங்குவான். மூணாவது, முன்ன மாதிரி கற்பனை பண்ணி, யோசிச்சு தியானம் பண்ண முயற்சி பண்ணாலும் முடியாது.

ஏன் மூணும் சேர்ந்து இருக்கணும்னா, முதல் அடையாளம் மட்டும் இருந்தா அது மனச்சோர்வா இருக்கலாம்னு அவரே எழுதுறாரு. அந்தக் காலத்து வார்த்தையில மெலங்கோலின்னு சொல்றாரு, இன்னைக்கு நாம டிப்ரஷன்னு சொல்றதுக்குப் பக்கத்துல வரும். மனச்சோர்வுல எதுலயுமே ருசி இருக்காது, ஆனா கடவுள தேடுற அந்தக் குறிப்பிட்ட தவிப்பு இருக்கணும்னு இல்ல. ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னும் சொல்றாரு. அப்படி ஒரு துறவியே நாலு நூற்றாண்டுக்கு முன்னாடி கவனமா இருந்திருக்கும்போது, இன்னைக்கு ஒருத்தங்க தூக்கமே வரல, சாப்பிட முடியல, காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல, சாகணும் போல இருக்குன்னு சொன்னா, நவநாள் சொல்லக் கூடாது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், ஞான ஆலோசனை அப்புறம்.

இயேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் இதுல ஆலோசனை சொல்றவருக்கே விதி போட்டிருக்காரு. 1548-ல அச்சான அவரோட ஆன்மீகப் பயிற்சிகள்ல தொடக்கத்துலயே வருது, தியானம் செய்யுறவர் ஆறுதல் இல்லாம சோதனையில இருக்காருன்னு தெரிஞ்சா அவர்கிட்ட கடுமையா நடந்துக்காதீங்க, மென்மையா, கனிவா இருங்க, தைரியம் குடுங்கன்னு. தவிக்கிறவருக்கு அவர் சொல்ற முக்கியமான விதி ஒண்ணு உண்டு, ஆறுதல் இல்லாத நேரத்துல பழைய முடிவ மாத்தாத. ஏற்கனவே நல்ல தெளிவுல எடுத்த முடிவுல நில்லு. ஒரு மணி நேரம் செபிக்கிறதா இருந்தா அத குறைக்காத, கொஞ்சம் கூடவே இரு. கொஞ்சம்தான், மூட்டை மூட்டையா நவநாள் இல்ல.

1961-ல நடந்தது

இப்போ அன்னை தெரசாவுக்கு வருவோம். 1953-ல அவங்க கல்கத்தா பேராயர் பெரியேவுக்கு எழுதுறாங்க, எனக்குள்ள பயங்கரமான இருட்டு, எல்லாமே செத்துப் போன மாதிரி இருக்கு, இந்த வேலைய ஆரம்பிச்சதுல இருந்தே ஏறக்குறைய இப்படித்தான்னு. பேராயர் அன்பாத்தான் பதில் எழுதுறாரு. நீங்க நினைக்கிற அளவுக்கு இருட்டுல இல்ல, கடவுள் வழிநடத்துறாரு, உங்க வேலைய அவர் ஆசீர்வதிக்கிறாருங்கிறதுக்கு வெளிய போதுமான சாட்சி இருக்கு, உணர்ச்சி தேவையில்ல, அது பல நேரம் ஏமாத்தும், முடிவெடுக்க அவசரப்படாதீங்கன்னு. ஒவ்வொரு வரியும் சரிதான். ஆனா எனக்கு வாசிக்கும்போது தோணினது, அவர் ஒரு சபைத்தலைவி நிர்வாகக் குழப்பத்துல இருக்காங்கன்னு நினைச்சு பதில் எழுதின மாதிரி இருக்கு. அவங்க எந்த வழியில போறதுன்னு கேக்கவே இல்ல. நான் நேசிக்கிற ஒருத்தர் காணாமப் போயிட்டாருன்னு சொன்னாங்க.

அப்புறம் இயேசு சபை பிக்காச்சி சாமியார்கிட்ட சொல்றாங்க, இவர் பின்னாடி கல்கத்தா கர்தினால் ஆனவர். எழுதிக் குடுங்கன்னு அவர் சொல்ல, 1959-ல இயேசுவுக்கே எழுதுற மாதிரி ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாங்க. கூப்பிடுறேன், பிடிச்சுக்கத் துடிக்கிறேன், பதில் சொல்ல யாருமே இல்லங்கிற அளவுக்கு அதுல இருக்கு. அதுக்கு முந்தின வருஷம், 1958 அக்டோபர்ல பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் இறந்தப்போ நடந்த பூசையில, இந்த சபைய நினைச்சு நீர் சந்தோஷப்படுறீர்ங்கிறதுக்கு ஒரு அடையாளம் குடும்னு வேண்டியிருக்காங்க, அங்கயே அந்த இருட்டு விலகியிருக்கு. சில வாரம்தான், திரும்ப வந்துடுச்சு.

1961-ல ஜோசப் நாய்னர்ங்கிற ஆஸ்திரிய இயேசு சபை இறையியலாளர், புனேயில பேராசிரியரா இருந்தவர், அவங்க சபை சகோதரிகளுக்கு தியானம் குடுக்க வர்றாரு. அப்போ அவர்கிட்ட மனசத் திறந்து சொல்றாங்க, எழுதியும் குடுக்குறாங்க. அவர் மூணு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, இதுக்கு மனுஷ மருந்து எதுவும் கிடையாது, அதனால உங்க தப்பாலதான் இது வந்துச்சுன்னு நினைக்க வேண்டாம். ரெண்டு, இயேசுவ உணர்றது மட்டுமே அவர் இருக்கிறதுக்கு ஆதாரம் இல்ல, அவருக்காக உங்ககிட்ட இருக்கிற இந்த ஏக்கமே அவர் மறைவா உங்களுக்குள்ள இருக்கிறதுக்கு நிச்சயமான அடையாளம். மூணு, இந்த இருட்டு உங்க வேலையோடயே சேந்தது, கைவிடப்பட்டவங்களுக்காக வேலை செய்யுறீங்க, அந்தக் கைவிடப்பட்ட நிலையில நீங்களும் பங்கெடுக்கிறீங்க.

இத சிலுவை அருளப்பரோட அடையாளங்களோட வச்சுப் பாருங்க. ஏக்கம் இருக்கான்னு பாக்குறது அப்படியே ரெண்டாவது அடையாளம். நாய்னர் புதுசா எதையும் கண்டுபிடிக்கல, இது எந்த வகைன்னு பாத்து, அந்த வகைக்கான பதில சொன்னாரு. முக்கியமா, இது சரியாயிடும்னு அவர் சொல்லல. நான் இந்த இடத்துலதான் ரொம்ப நேரம் நிக்கிறேன். அதுக்கு முன்னாடி சொன்ன ஆறுதல் எல்லாத்துலயும், இருட்டு விலகும், விலகணும், விலகலன்னா எதோ குறைங்கிற எதிர்பார்ப்பு அடியில ஓடிக்கிட்டே இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அவர் அத எடுத்துட்டாரு. உணர்வு திரும்பி வரணும்ங்கிற பாரத்த இறக்கி வச்சாரு. அன்னை அவருக்கு எழுதினாங்க, இந்த 11 வருஷத்துல முதல் தடவையா இந்த இருட்ட நேசிக்க ஆரம்பிச்சிருக்கேன், இது இயேசு பூமியில பட்ட இருட்டுல, வேதனையில ரொம்ப ரொம்ப சின்ன பங்குன்னு இப்போ நம்புறேன்னு. அதுக்கப்புறமும் 36 வருஷம் இருட்டு போகல. ஆனா கடிதங்களோட குரல் மாறிடுது.

சித்திய நான் கூட்டிட்டுப் போனது வயசான ஒரு இயேசு சபைச் சாமியார்கிட்ட. அவர் அரை மணி நேரம் கேள்வியாவே கேட்டாரு. தூங்குறியாம்மா, சாப்பாடு இறங்குதா, பேரப்பிள்ளைங்க வந்தா சந்தோஷமா இருக்கா, சமையல் பிடிக்குதா. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சித்தி சொன்னாங்க. எனக்கே அது குழப்பமா இருந்துச்சு, முதல் அடையாளத்துக்கு இது ஒத்து வரலையேன்னு. அவர் விடாம கேட்டாரு, அந்த சந்தோஷம் செபத்தோட இடத்த நிரப்புதா? சித்தி யோசிச்சு, இல்ல சாமி, பிள்ளைங்க போனதும் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்குன்னாங்க. அப்புறம் கடைசியா, செபத்த விட்டுட்டா நிம்மதியா இருக்குமான்னு கேட்டாரு. சித்தி அழுதுட்டாங்க, "விட முடியாது சாமி, அவரு இல்லாம நான் என்ன பண்ணுவேன்"ன்னாங்க. அவர் சொன்னது ரெண்டே விஷயம். மரியாயின் சேனைய விடாத, புதுசா எந்த நவநாளும் சேக்காத. செபமாலையில மனச வம்பு பண்ணி உள்ள இழுக்காத, கோயில்ல அதே நேரம் சும்மா உக்காந்துட்டு வா. நேரத்த குறைக்காதன்னு இஞ்ஞாசியார், வலிஞ்சு தியானம் பண்ணாம அமைதியா கவனம் மட்டும் வச்சு இருன்னு சிலுவை அருளப்பர், ரெண்டும் அந்த எளிய பதில்ல இருந்துச்சு. சித்திக்கு வெறுமை இன்னும் போகல. பாவசங்கீர்த்தனத்துல அத பாவமா சொல்றத நிறுத்திட்டாங்க.

எங்க இது செல்லாது

இவ்வளவு மெச்சிட்டு இந்த வழிமுறையோட எல்லைய சொல்லாம விட எனக்கு மனசு வரல. ஏக்கம்தான் ஆதாரம்ங்கிற பதில் ஏங்குறவங்களுக்கு மட்டும்தான். என் கூடப் படிச்சவன் ஒருத்தன், பூசைக்கு உதவி செஞ்சு வளந்தவன், இப்போ நம்புறதில்ல. அவன் பிரச்சனை வறட்சி இல்ல. சின்னப் பிள்ளைங்க கேன்சர்ல சாகுறத நல்ல கடவுள் எப்படி அனுமதிப்பாரு, சுவிசேஷங்கள்ல உயிர்ப்பு பத்தின விவரங்கள் ஏன் ஒண்ணுக்கொண்ணு மாறுதுன்னு குறிப்பா கேக்குறான். அவன்கிட்ட போய் இது உன் இருண்ட இரவு, அன்னை தெரசாவுக்கே வந்துச்சுன்னு சொல்றது அவன அவமானப்படுத்துறது. அவன் யோசிச்சுக் கேட்ட கேள்விய ஒரு உணர்ச்சிக் கட்டமா மாத்திடுறோம். இன்னொண்ணும் இருக்கு, கடவுள் தெரிஞ்சாலும் இருக்காரு, தெரியலன்னாலும் இருக்காருன்னு ஆக்கிட்டா எந்த அனுபவமும் எதிர்ச்சாட்சியா நிக்க முடியாது. வெளிய இருந்து பாக்குறவங்க இத வட்ட வாதம்னு சொல்றாங்க, வாதமா வச்சா அது சரிதான். நாய்னர் அத வாதமா வைக்கல, ஏற்கனவே கடவுளுக்குத் தன்ன குடுத்த ஒருத்தங்களுக்கு வழிகாட்டுதலா சொன்னாரு. அத எடுத்து நம்பாதவன்கிட்ட நிரூபணமா நீட்டுறது நாம பண்ற தப்பு.

அவனுக்கு வேற மாதிரி உதவி வேணும். நியூமன் கர்தினால் 1864-ல எழுதினாரு, பத்தாயிரம் சிரமங்கள் சேந்தாலும் ஒரு சந்தேகம் ஆகாதுன்னு. அந்த வித்தியாசம் நம்புறவங்களுக்கு நல்லது. ஆனா இவன் சிரமத்த தாண்டி முடிவுக்கே வந்துட்டான், அந்த முடிவுக்குக் காரணமும் சொல்றான். அவன் கேக்குறதுல சிலதுக்கு பதில் இருக்கு, படிச்சவங்க உக்காந்து பேசணும். சிலதுக்கு இல்ல, இல்லன்னு ஒத்துக்கணும்.

இதத்தான் போன மாசம் எங்க பங்குசாமியார்கிட்ட போய் சொன்னேன். வாலிபர் கூட்டத்துல கேள்வி கேக்குற எல்லாருக்கும் இருண்ட இரவுன்னு சொல்றீங்க ஃபாதர், அதுக்கு முன்னாடி அவங்க ஏங்குறாங்களா, கேக்குறாங்களா, காயம்பட்டிருக்காங்களா, நோயா இருக்காங்களான்னு விசாரிங்கன்னு. அவர் பொறுமையாத்தான் கேட்டாரு. எனக்கு மூவாயிரம் ஆத்துமா, ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் எங்க போறது, போறவன நிறுத்த எதாவது ஒண்ணு சொல்லணும்லன்னாரு. அவர் நெருக்கடி எனக்குப் புரியுது. ஆனா நிறுத்துறதுக்காக சொல்ற வார்த்தை கேட்டவன இன்னும் வேகமா வெளிய அனுப்புறத நான் பாத்திருக்கேன்னு சொன்னேன். மரியாயின் சேனையில வீடு வீடா போறவங்க ஏற்கனவே இருக்காங்க, அவங்களுக்கு இந்த நாலு கேள்விய கேக்கக் கத்துக் குடுக்கலாம், பதில் சொல்ற வேலைய நீங்க வச்சுக்கோங்கன்னும் சொல்லியிருக்கேன். அவர் இன்னும் சரின்னு சொல்லல, தவக்காலம் முடியட்டும்னு இருக்காரு, நான் திரும்பவும் போவேன்.